வீட்டு நிறத்தில் சட்டை

முதலில் சத்தியம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கற்பூரத்தைக் கொளுத்திக் கையில் வைத்தால் அடித்து அணைக்கத் தயார். வேதாகமத்தை நீட்டினால் அதன்மேல் கை வைக்கவும் தயார். பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்று அர்த்தம்.

கிருபாகரனுக்குச் சிறுசேரியில் வேலை. கம்ப்யூட்டர் வேலை இல்லை. கம்ப்யூட்டர்காரர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு வழி சொல்கிற வேலை. எந்த வண்டி, எந்த கேட், எத்தனை மணி என்று நாள் முழுக்க டிரைவர்களுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே இருப்பார். டிரைவர்கள் ஓட்டிக்கொண்டே படிப்பார்கள் என்பதால் அவர் மெசேஜ் எதுவும் ஒரு சிக்னலுக்கு மேல் போகாது. சிவப்பு விளக்கில் திறந்தால் பச்சை விழுவதற்குள் படித்து முடித்துவிடலாம். சேலையூர்க்காரர் ஒருவர் அந்த மெசேஜைப் படித்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்து, "மீதி எங்கே?" என்று கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் பெற்றோர் பிரதிநிதியாக அவருடைய மகள் சிநேகா ஆக்கிவிட்டாள். தேர்தல் எல்லாம் இல்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள், அவ்வளவுதான்.

"அப்பா, இந்த வருஷம் நீதான் ரெப்."

"எனக்கு இன்னாத்துக்குமா அந்த பேஜாரு?"

"போன வருஷம் இன்னா ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். போன வருஷ விளையாட்டு விழாவுக்குக் கொடி பிடித்து வகுப்பை நடத்திப் போக சிநேகாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு மாதம் மொட்டை மாடியில் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். அந்த விளக்குமாறு கடைசியில் தானே எழுந்து நிற்கும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் விழா விவரம் எல்லாம் தலைமையாசிரியர் கோதண்டராமன் தயாரித்த ஸ்லைடுகளில் இருந்தது. அதை அப்போதைய பிரதிநிதி அப்படியே குரூப்பில் போட்டார். யாரும் திறக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் யூனிஃபார்மில் வந்து நின்றார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஜெபசிங் ஒரே விதிதான் வைத்திருந்தார்: வகுப்பில் எல்லாரும் சொன்ன உடையில் இருந்தால்தான் அந்த வகுப்புக்கு அணிவகுப்பு. சிநேகா கொடியோடு வேப்பமரத்தடியில் நின்றாள். மற்ற வகுப்புகள் நடந்து போவதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் கிருபாகரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷமும் அவள்தான் கொடி. அடுத்த வருஷம் பத்தாவது. பத்தாவது போனால் விளையாட்டு விழா என்ற சொல்லையே வாயில் எடுக்க விடமாட்டார்கள். ஆக இதுதான் கடைசி.

"எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரே ஒரு மெசேஜ் போடுப்பா. அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன்" என்றாள்.

கிருபாகரன் தட்டிலிருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். கம்பெனியில் பதவி உயர்வு கொடுத்தபோதுகூட அவர் இவ்வளவு சீக்கிரம் தலையை ஆட்டியதில்லை.

பொங்கல் முடிந்த முதல் திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். கோதண்டராமன் நல்ல மனிதர். பிள்ளைகள்மேல் உயிர். ஸ்லைடுகள்மேல் அதைவிடக் கொஞ்சம் அதிக உயிர். அறுபத்து நாலு ஸ்லைடு. முதல் ஒன்பதில் பள்ளியின் நோக்கம். அடுத்த மூன்றில் சூரிய உதயம், அதன் நடுவே தலைமையாசிரியர். ஒவ்வொரு எழுத்தும் திரையின் மூலையிலிருந்து தனித்தனியாகப் பறந்து வந்து உட்காரும். 'ஒழுக்கம்' என்ற சொல் வந்து சேருவதற்குள் முன்வரிசையிலிருந்த ஒருவர் வெளியே போய் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தபோது கடைசி 'ம்' அப்போதுதான் தரையிறங்கிக்கொண்டிருந்தது.

விளையாட்டு விழா பகுதி தொடங்கியதும் கிருபாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர் போன். நாவலூர் சுங்கச்சாவடி அருகில் டயர் பஞ்சர். வெளியே போய் மாற்று வண்டி ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினால் திரையில் 'நன்றி' என்று பறந்துகொண்டிருந்தது. அது முதல் நன்றி. இன்னும் இரண்டு நன்றி பாக்கி இருந்தன.

"கவலைப்படாதீர்கள், ஸ்லைடுகளையே உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார் கோதண்டராமன். அனுப்பினார். போன் ஒரு நிமிஷம் அதிர்ந்தது, பிறகு லேசாகச் சூடானது.

மறுநாள் சாயங்காலம் கிருபாகரன் வேலையில் இறங்கினார். முதலில் ஸ்லைடு கோப்பை ஏஐ செயலியில் ஏற்றி, 'பெற்றோருக்குச் சுருக்கமாகச் சொல்' என்றார். அது நாலு விநாடியில், 'அன்பார்ந்த பெற்றோர்களே' என்று ஆரம்பித்துப் பதினாலு குறிப்பு கொடுத்தது. மோசமில்லை. ஆனால் பள்ளியின் நோக்கத்துக்கு ஐந்து குறிப்பு போயிருந்தது; வேன் கிடையாது என்பது பதின்மூன்றாவதாகப் பதுங்கியிருந்தது.

எதையும் நம்பி அப்படியே அனுப்புகிற ஆள் இல்லை கிருபாகரன். ஒவ்வொரு குறிப்பையும் ஸ்லைடோடு வைத்துப் பார்த்தார். பார்த்ததில் ஒரு சங்கதி சிக்கியது. ஒரு ஸ்லைடில் காலை ஏழு மணி, இன்னொன்றில் ஏழரை. செயலி பேசாமல் ஏழரையை எடுத்துப் போட்டிருந்தது. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"ஏழா, ஏழரையா மேடம்?"

"ஏழுதான் சார். ஏழரை போன வருஷத்தோடது, அழிக்க மறந்துட்டாங்க."

கிருபாகரனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. 'சனிக்கிழமை' என்று மட்டும் போட்டால் எந்தச் சனி என்று நாற்பது கேள்வி வரும் என்பதால் தேதியையும் சேர்த்தார். பெற்றோர் செய்யவேண்டியது எதுவோ அது மட்டும் இருக்கட்டும் என்று மற்றதையெல்லாம் வெட்டினார். சூரிய உதயம் போயிற்று. நோக்கம் போயிற்று. மூன்று நன்றியும் போயின.

உடை பற்றிச் செயலி, 'மாணவர்கள் தங்கள் ஹவுஸ் நிறத்தில் டி-ஷர்ட் அணிய வேண்டும்' என்று எழுதியிருந்தது. என்ன நிறம் என்று சொல்லவில்லை. அதில் அதன்மேல் குற்றமில்லை. நிறங்கள் எழுத்தில் இல்லை, படத்தில் இருந்தன. கூட்டத்தில் திரையில் நாலு கொடிகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து, பெயரைக் காட்டிவிட்டு, பறந்து போயினவாம். அப்போதுதான் கிருபாகரன் பஞ்சர் பார்க்க வெளியே போயிருந்தார். கோப்பில் பறக்க வழியில்லாமல் நாலு கொடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. துவைக்கப் போட்ட துணிக்குவியல் மாதிரி இருந்தது. அலங்காரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, இதையும் அவர் சரிபார்த்தார். சிநேகா என்ன வாங்கி வைத்திருக்கிறாள்? சிவப்பு டி-ஷர்ட். அவர்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம்? சிவப்பு. போன வருஷமும் சிவப்பு டி-ஷர்ட். போன வருஷமும் சிவப்பு வீடு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கிருபாகரன் படித்தது திருக்கழுக்குன்றத்தில் அரசுப் பள்ளி. அங்கே 'ஹவுஸ்' என்றால் ஹவுஸ்தான். ஹெட்மாஸ்டர் குடியிருந்த ஓட்டு வீடு.

மாதிரிக்கு முதல் வரைவை உலகநாதனுக்கு அனுப்பிப் பார்த்தார். உலகநாதனும் அந்த வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. விவசாயம் பார்த்துக்கொண்டே இரண்டு லாரியும் ஓட்டுகிறவர். உடனே குரல் பதிவு வந்தது.

"அண்ணாத்த, நல்லாத்தான் கீது. ஆனா பாதி இங்கிலீஷா கீதே. ஹவுஸு, மார்ச் பாஸ்ட்டு, கன்சென்ட்டு... எம் பொண்டாட்டி படிச்சிட்டு, எதுனா கோர்ட்டு நோட்டீஸான்னு கேக்குறா. தமிழ்ல போடு மச்சான். வேனு, ஷூவு எல்லாம் இருக்கட்டும், அது தமிழுதான்."

நியாயம் என்று பட்டது. மார்ச் பாஸ்ட்டை அணிவகுப்பு ஆக்கினார். கன்சென்ட் லெட்டரைச் சம்மதக் கடிதம் ஆக்கினார். ஹவுஸை வீடு ஆக்கினார். செய்தி தயார்.

'9-பி பெற்றோர்களுக்கு:
விளையாட்டு விழா: சனிக்கிழமை, 31ஆம் தேதி.
பிள்ளைகள் காலை 7 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும்.
அன்று பள்ளி வேன் கிடையாது. நீங்களே கொண்டுவந்து விடவும்.
உடை: அவரவர் வீட்டு நிறத்தில் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. கட்டாயம். ஒருவர் தவறினாலும் வகுப்புக்கே அணிவகுப்பு இல்லை.
கொண்டுவர: தண்ணீர் பாட்டில், தொப்பி.
சம்மதக் கடிதம்: 28ஆம் தேதி புதனுக்குள் வகுப்பு ஆசிரியரிடம்.
அணிவகுப்பு 9 மணி. பெற்றோர் வரலாம்.'

அனுப்பினார். குரூப்பின் சரித்திரத்தில் முதல்முறையாக முப்பத்தெட்டு வீட்டிலிருந்தும் கட்டைவிரல் வந்தது. தினமும் காலையில் ரோஜாப்பூ மட்டுமே போட்டுவந்த ஒருவர் அன்று, 'தெளிவு' என்று ஒரு வார்த்தை எழுதினார்.

சிநேகா ஒத்திகை முடிந்து வந்தாள். "போட்டியாப்பா?"

"எட்டே வரி."

"ஹவுஸ் கலர் போட்டியா?"

"கட்டாயம்னே போட்டுட்டேன்."

சிநேகா வந்து அவர் தோளில் ஒரு முறை தலையை முட்டிவிட்டு உள்ளே போனாள். கிருபாகரன் ஒரு மணி நேரம் அந்தத் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சந்தேகங்கள் தனித்தனியாக வர ஆரம்பித்தன. டிரைவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய கை, சளைக்காமல் பதில் போட்டது.

'முன்பக்கம் பச்சை, பக்கவாட்டில் மஞ்சள். எது?' – 'தெருவிலிருந்து தெரிவது.'

'வாடகை வீடு. நிறம் ஓனருடையது.' – 'குடியிருப்பது யார்? அவர் பிள்ளைக்கு அந்த நிறம்.'

'பூச்சு வேலை இன்னும் முடியவில்லை.' – 'சிமெண்ட் நிறம் போதும்.'

சிற்பப் பட்டறை வைத்திருக்கும் எல்லப்பன் நேரிலேயே வந்துவிட்டார். "இன்னாபா இது, எங்க வூடு பூரா கருங்கல்லு. நான் பெயின்டே அடிக்கல. பொண்ணுக்கு இன்னா போடறது?"

"சாம்பல் கலர் போடுங்க அண்ணா."

"சாம்பல்ல ரெண்டு கீது. உளி பட்ட எடம் ஒண்ணு, படாத எடம் ஒண்ணு."

"படாத எடம்."

எல்லப்பன் திருப்தியாகப் போனார்.

உலகநாதனுக்குத்தான் பெரிய சிக்கல். பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு இளஞ்சிவப்பு அடித்திருந்தார், ரோஸ்மில்க் நிறம். பையன் அந்த நிறத்தில் சட்டை போட்டால் செத்துவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனிடம் இருந்தது நீலச் சட்டை. சட்டைக்கு ஏற்ற வீடு இல்லாவிட்டால் வீட்டையல்லவா மாற்றவேண்டும்? உலகநாதன் வீட்டை நீலமாக அடித்தார். அதைப் பார்த்து எதிர்வீட்டார், பையனின் மஞ்சள் சட்டைக்காக மஞ்சள் அடித்தார். அந்த வாரம் செங்கல்பட்டில் பெயின்ட் கடைகளில் பிரஷ் தீர்ந்துபோய், பல் துலக்கும் பிரஷை வைத்து ஒரு மாடி முழுக்க அடித்தார்கள்.

கிருபாகரனின் மனைவி ஜெனிட்டாவுக்குச் செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். வியாழக்கிழமை வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"இன்னாங்க, பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆவுது, வழி பூரா வூட்டுக்கு பெயின்ட் அடிச்சிகினு கீறாங்க. கண்டக்டரே ஸ்டாப்பிங் தெரியாம ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டாரு. எதுனா விசேஷமா?"

"விளையாட்டு விழா" என்றார் கிருபாகரன், பெருமையாக.

ஜெனிட்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

சனிக்கிழமை காலை. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே 9-பி முழுசாக மைதானத்தில் நின்றது. ஒரு பிள்ளை பாக்கியில்லை. எல்லாருக்கும் வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில். மேலே மட்டும் கிளிப்பச்சை, வாடாமல்லி, ஊதா, சந்தனம், காவி, உளி படாத சாம்பல். சிறுசேரிப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்த ஆறு பேரும் ஒரே மாதிரி வெளிறிய பிஸ்கெட் நிறம். ஒரு வீட்டின் சுவரில் டைல்ஸ் கடை விளம்பரம் எழுதியிருந்ததால், அந்த வீட்டுப் பையன் முதுகில் கடையின் போன் நம்பரோடு வந்திருந்தான். இன்னொருத்தன் மார்பில், 'இச்சுவர் முன்பதிவு செய்யப்பட்டுள்ளது'. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன சுற்றுலா பஸ் ஒன்று தானே நின்றது. வெள்ளைக்காரர்கள் இறங்கி, இது எந்தச் சாமிக்கு என்று விசாரித்துவிட்டுப் படம் எடுத்தார்கள்.

பக்கத்தில் 9-ஏ நாலே வரிசையாக நின்றது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

கிருபாகரன் அந்த நாலு வரிசையைப் பார்த்தார். தன் வகுப்பைப் பார்த்தார். மறுபடி நாலு வரிசையைப் பார்த்தார். போனை எடுத்துத் தன் மெசேஜைத் திறந்தார்.

ஜெபசிங் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சார், இன்னா சார் இது?"

"வீட்டு நிறம் சார்."

"ஹவுஸ்னா டீம் சார்! பல்லவா, சோழா, சேரா, பாண்டியா!"

"அதுங்கள்லாம்... ராஜ பரம்பரை இல்லீங்களா?"

ஜெபசிங் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. பேசாமல் இருப்பதற்காக வைத்துக்கொண்டார்.

சிநேகா கொடியோடு வந்தாள். சிவப்புச் சட்டை, பளிச்சென்று இருந்தாள். அப்பாவின் கையிலிருந்த போனை வாங்கி அந்த எட்டு வரியை முதல்முறையாகப் படித்தாள். உதடு துடித்தது. கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா" என்றாள். "மணி இன்னா?"

"ஏழேகால்."

"ஒன்பதுக்குத்தான் அணிவகுப்பு. இன்னொரு மெசேஜ் போடு."

"இன்னொண்ணா? நானா?"

"நீ போட்டா எல்லாரும் கேக்கறாங்கப்பா. அதான பிரச்சினையே."

கிருபாகரனுக்கு மூச்சு வந்தது. பழைய செய்தியைத் திருத்தவும் முடியாது, எல்லாருக்குமாக அழிக்கவும் முடியாது, நாள் கடந்துவிட்டது. அதையே மேற்கோளாக வைத்து அடியில் தட்டினார். இந்த முறை, அனுப்புவதற்கு முன் சிநேகாவிடம் காட்டினார். அவள் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

'திருத்தம். உடை வரி மட்டும் தவறு, தவறு என்னுடையது. மற்றவை அப்படியே.
வீடு இல்லை, அணி. பல்லவா சிவப்பு. சோழா நீலம். சேரா பச்சை. பாண்டியா மஞ்சள்.
எந்த அணி என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்.
சட்டை மாற்றிக்கொள்ளும் இடம்: வேப்பமரத்தடி. 8.30க்குள்.'

மைதானத்தின் சுற்றுச்சுவர் ஓரம் நின்றிருந்த பெற்றோர் கைகளில் முப்பத்தெட்டு போன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. பச்சை விளக்கு விழுவதற்குள் படித்துவிட்டார்கள்.

உலகநாதன்தான் முதலில் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கிருபாகரனுக்குத் தைரியம் இல்லை.

"அண்ணாத்த, அப்போ நான் வூட்டுக்கு நீலம் அடிச்சது?"

"மன்னிச்சுக்கோ மச்சான். பையன் எந்த அணி?"

உலகநாதன் திரும்பி, "டேய், நீ இன்னா டீமு?" என்றார்.

"சோழா நைனா. நீலம்தான்."

உலகநாதன் நிமிர்ந்தார். "நமக்குக் கரெக்டு. வேற யாருக்கு இன்னா வேணும், சொல்லுங்க!" என்று கேட்டவர், தான் போட்டிருந்த மஞ்சள் சட்டையை அங்கேயே கழற்றிப் பாண்டியாவில் ஒரு பிஸ்கெட் நிறப் பையன் தலைவழியாக மாட்டிவிட்டார். அவன் அதற்குள் இரண்டு தடவை சுற்றி வரலாம். அவ்வளவு இடம் இருந்தது.

பிறகு வேப்பமரத்தடி சிறுசேரி ஆயிற்று. கிருபாகரன் நடுவில் நின்று வண்டி அனுப்புகிற குரலில் கத்தினார். "கிளிப்பச்சை ரெண்டு, சேரா பக்கம்! வாடாமல்லி, சிவப்புல போய் ஒட்டிக்கோ! டைல்ஸ் கடை, உன் சட்டைய உள்ள வெளிய திருப்பு, உள்ள பச்சையாத்தான் கீது!" பச்சைச் சட்டை போட்ட பாண்டியாவும் மஞ்சள் சட்டை போட்ட சேராவும் வகுப்பறைக்குள் ஓடி மாற்றிக்கொண்டு வந்தார்கள். அப்பாக்கள் வரிசையாகப் பனியனுக்கு வந்தார்கள். ஒரு சித்தப்பா, தான் இந்த வகுப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நீலச் சட்டை போய்விட்டது.

மிச்சம் ஐந்து பிஸ்கெட், ஒரு சாம்பல், இரண்டு சந்தனம். எட்டுமே பாண்டியா. மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது.

பூஞ்சேரியில் டிபன் கடை வைத்திருக்கும் செங்கம்மாளின் பேத்தியும் அந்த வகுப்புதான். அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ நேரம் முழிச்சிகினு கீறீங்க?" என்று கடைக்கு ஆளனுப்பி ஒரு டப்பா மஞ்சள்தூள் வரவழைத்தாள். வாளியில் கரைத்தாள். எட்டுச் சட்டையும் முங்கி எழுந்தன. பிழிந்து உதறிப் போட்டபோது உளி படாத கருங்கல்கூடப் பழுத்த மாம்பழமாக இருந்தது. எல்லப்பன் மகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வூட்டையும் இப்படியே முக்கிடலாம் போல கீதே" என்றார்.

எட்டரைக்குள் நாலு வரிசை நின்றது. சிவப்பில் ஏழு விதச் சிவப்பு. சில சட்டைகள் முழங்கால்வரை. பாண்டியா வரிசையிலிருந்து சொட்டுச் சொட்டாக மஞ்சள் வடிந்து மாரியம்மன் கோயில் வாசனை வந்தது. ஜெபசிங் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு பையனின் சட்டைப்பையிலிருந்து உலகநாதனின் பீடிக்கட்டை எடுத்து உலகநாதனிடம் கொடுத்தார். பிறகு சிநேகாவைப் பார்த்து விசிலை ஊதினார்.

ஒன்பது மணிக்கு அவள் கொடியைத் தூக்கினாள். மொட்டை மாடியில் நடந்த அதே நடை. முப்பத்தேழு பேர் பின்னால். மேடையைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பி மரியாதை செய்தாள். மேடை இடப்பக்கம் இருந்தது, பனியன் போட்ட அப்பாக்கள் கூட்டமும் அதே பக்கம்தான் இருந்தது. ஆகவே அந்த மரியாதை யாருக்கு என்று சொல்ல முடியாது. கிருபாகரனுக்குச் சந்தேகமே இல்லை. ஜெனிட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, பனியனோட அழுதா நல்லா இல்ல" என்றாள்.

பரிசு 9-ஏக்குத்தான். ஆனால் கோதண்டராமன் மேடையிலிருந்து இறங்கி நேராகக் கிருபாகரனிடம் வந்தார். நடந்தது முழுக்க அவர் காதுக்குப் போயிருந்தது. கிருபாகரன் கையைக் கட்டிக்கொண்டார்.

"முப்பத்தெட்டு பேரும் படித்திருக்கிறார்கள்" என்றார் கோதண்டராமன். குரல் தழுதழுத்தது. "படித்தது மட்டுமில்லை, சொன்னபடியே செய்திருக்கிறார்கள். வீட்டுக்கே வண்ணம் அடித்திருக்கிறார்கள்! நான் இருபது வருஷமாக ஸ்லைடு போடுகிறேன் கிருபாகரன். என் வீட்டிலேயே ஒருவரும் ஏழாவது ஸ்லைடைத் தாண்டியதில்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி எல்லா வகுப்புக்கும் நீங்கள்தான் சுருக்கித் தரவேண்டும். நிறத்தை மட்டும் நான் எழுத்திலேயே போட்டுவிடுகிறேன்."

சொன்னபடியே போட்டார். அடுத்த கூட்டத்தில் அறுபத்தைந்தாவதாக ஒரு ஸ்லைடு வந்தது, 'ஹவுஸ் என்றால் என்ன?' என்று. அதிலும் எழுத்து பறந்துதான் வந்தது.

அன்று வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் சிநேகா, அவள் கையில் கொடி. பூஞ்சேரியிலிருந்து இருபக்கமும் வீடுகள் புதுப் பெயின்ட்டில் கண்ணைப் பறித்தன. பாதி வழியில் கிருபாகரன் கேட்டார்.

"நான் ரெப் வேலைய வுட்டுடட்டுமாம்மா?"

"இன்னாத்துக்கு?"

"எட்டு வரில இவ்ளோ பேஜாரு பண்ணிட்டேனே."

"எட்டு வரில ஒரு வார்த்தைதானப்பா தப்பு" என்றாள் சிநேகா, முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு. "மீதியெல்லாம் கரெக்டு. ஏழு மணிக்கு ஒருத்தர்கூட லேட்டு இல்ல, பாத்தியா? அடுத்த தடவை அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டு. அவ்ளோதான்."

ஸ்கூட்டர் அதற்குப் பிறகு பெட்ரோல் இல்லாமலே வீடு வரை போயிற்று. அதையும் சத்தியம் செய்து சொல்லலாம்.

பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் நிறுத்திக் கேட்டால் ஒன்று மட்டும் சொல்வார்கள்: அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வகுப்பே கிடையாது.